விசா தரும் மாதங்கள், பிஆர் கேட்கும் மாதங்கள்

மகளுக்கு 24 வயது, கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும், ஜெர்மனியா கனடாவா பிரிட்டனா என்று கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் கையோடு கொண்டுவருவது கல்விக் கட்டணப் பட்டியலைத்தான். அது தேவைதான். ஆனால் அதற்கு முன் ஒரு தாளில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டே எண்களை எழுதுங்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேடவோ வேலை பார்க்கவோ அந்த நாடு எத்தனை மாதம் தருகிறது? நிரந்தர வசிப்புக்கு, அதாவது பிஆருக்கு, எத்தனை மாத வேலையை அது கேட்கிறது? இரண்டாவது எண் முதலாவதற்குள் அடங்காவிட்டால், நடுவில் ஒரு நிறுவனம் விசா ஸ்பான்சர் செய்தே ஆக வேண்டும். ஒரு நாடு மலிவா என்பதைவிட, அங்கே செலவழித்த பணம் எதில் போய் முடியும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

பிரிட்டனை முதலில் பார்க்கலாம், அங்கே இடைவெளி அப்பட்டமாகத் தெரிகிறது. முதுநிலை ஓராண்டுதான், அதனால் செலவு குறைவு என்று தோன்றும். பிறகு கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டு; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. ஆனால் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு ஒர்க்கர் விசா வழியில் நிரந்தர வசிப்பு பெறக் கேட்கும் ஐந்து ஆண்டில் படித்த காலமும் சேராது, கிராஜுவேட் விசாவில் இருந்த காலமும் சேராது. அந்த ஐந்தையே பத்தாக்கும் திட்டத்தையும் அரசு முன்வைத்திருக்கிறது. சம்பளம் இன்னொரு சிக்கல். 2025 ஜூலை முதல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவருக்கு 33,400 போதும், ஆனால் இந்தச் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுக்குத்தான், கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அந்த நான்கில் கழிக்கப்படும். சாவகாசமாக வேலை தேடுபவர் தன் சலுகையைத் தானே தின்றுகொண்டிருக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கனடாவில் காலக்கணக்கு நன்றாகவே பொருந்தும். எட்டு மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்புக்கு மூன்றாண்டு வேலை அனுமதி கிடைக்கிறது. நிரந்தர வசிப்புக்கான கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் பிரிவு கேட்பது ஓராண்டுத் திறன்சார் வேலை, 1,560 மணி நேரம். கடைச் சிப்பந்தி வேலை இதில் சேராது. முழுநேரம் படித்துக்கொண்டே பார்த்த வேலையும் சுயதொழிலும் சேராது. இதுவரை எல்லாம் சரி. கோளாறு வருவது தகுதியில் அல்ல, மதிப்பெண்ணில். தகுதி உள்ளவர்களை மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் மேலே இருப்பவர்களுக்கு மட்டுமே கனடா நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்க அழைப்பு அனுப்பும்.

உங்கள் மகளுக்கே கணக்குப் போடுவோம். திருமணமாகாதவர், 28 வயதில் ஓராண்டு வேலையை முடித்திருக்கிறார், ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. வயதுக்கு 110, முதுநிலைக்கு 135, ஆங்கிலத்துக்கு 124, கனடா வேலைக்கு 40. பட்டமும் ஆங்கிலமும் சேர்ந்து வருவதால் 50, கனடாவில் படித்ததற்கு 30. கூட்டினால் 489. 2025இல் இந்தப் பிரிவின் சுற்றுகள் எல்லாமே 500க்கு மேல்தான் நின்றன. அதாவது எல்லாத் தகுதியும் இருந்தும் அழைப்பு வராது. முன்பு வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள், ஆகவே அதை நம்பிப் போட்ட பழைய கணக்குகளைத் தூக்கிப் போடுங்கள்.

இன்னோர் ஆண்டு வேலை பார்த்தால் 13 கூடி 502 ஆகும். ஆங்கிலத்தைக் கேட்டலில் 8.5, வாசிப்பில் 8, மற்ற இரண்டில் 7.5 என்று உயர்த்தினால் மேலும் 12. அப்போது 514. இது எல்லையில் நிற்கும் எண். 29 வயதுவரை வயது மதிப்பெண் குறையாது, 30இல் குறையத் தொடங்கும். அதனால் 27 வயதில் படிக்கப் போகிறவருக்கு இரண்டாம் ஆண்டு வேலை 13 கொடுத்து, வயது 6 பிடுங்கிக்கொள்ளும். உண்மையில் கணக்கை மாற்றுவது பிரெஞ்சு. நான்கு திறனிலும் ஏழாம் நிலை வந்தால் 62 மதிப்பெண் கூடும். போதாததற்கு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கெனத் தனிச் சுற்றுகளும் நடக்கின்றன. விமானம் ஏறும் முன்பே தொடங்க வேண்டிய படிப்பு இது, வேலை அனுமதி முடியும் தறுவாயில் அல்ல.

கனடாவில் இன்னொரு பொறி: அந்த வேலை அனுமதி வாழ்நாளில் ஒரே முறைதான். 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துக் கல்லூரி டிப்ளமா படிக்கிறவர், பட்டியலிட்ட துறையில் படித்திருந்தால்தான் வேலை அனுமதி கிடைக்கும். பட்டப்படிப்புக்கு இந்த நிபந்தனை கிடையாது. டிப்ளமா கட்டணம் குறைவு என்று அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஜெர்மனியில் மதிப்பெண் போட்டி இல்லை. படிப்புக்குப் பின் வேலை தேட 18 மாதம். ப்ளூ கார்டு என்பது நல்ல சம்பள வேலை கிடைத்த பட்டதாரிகளுக்கான வசிப்பு அனுமதி; அதற்குத் தகுந்த வேலை கிடைத்து, ஜெர்மன் மொழி பி1 என்ற நடுத்தர நிலையில் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் இருந்தால் 27 மாதம். சமீபத்தில் பட்டம் பெற்றவருக்கு ப்ளூ கார்டுக்கான ஆண்டுச் சம்பள வரம்பு 2026இல் சுமார் 45,900 யூரோ. சம்பளம் அதை எட்டாவிட்டாலும், அங்கேயே பட்டம் பெற்றவர் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டு ஓய்வூதியக் காப்பீடு கட்டி, பி1 முடித்திருந்தால் வழி உண்டு. படிப்பு 24 மாதம், வேலை தேட 4, வேலையில் 21 என்று வைத்தால் போய் இறங்கியதிலிருந்து 49 மாதம். ஆய்வேடு இழுத்து படிப்பே 30 மாதம் ஆவது சகஜம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தடுக்கி விழவைப்பது மொழி. ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்பில் மொழி தேவைப்படாது. வேலை தேடும் முதல் வாரத்திலேயே தேவைப்படும். பி1 நிரந்தர வசிப்புக்கான கணக்கு, பல நிறுவனங்கள் எதிர்பார்ப்பது அதற்கும் மேலே. படிப்போடு சேர்த்து பி1 வர ஓராண்டாவது ஆகும் என்று திட்டமிட்டால், அது முதல் செமஸ்டரிலேயே தொடங்கியாக வேண்டும்.

செலவுக்கு வருவோம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வசூலிக்கிறது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டியது ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992 மட்டும் எடுக்கலாம். இது விசாவுக்கான கீழ்வரம்பு. மியூனிக் போன்ற நகரத்தில் வாடகையே இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கனடா 2025 செப்டம்பர் முதல் தனி மாணவருக்கு, கட்டணமும் பயணமும் போக, 22,895 கனேடிய டாலர் காட்டச் சொல்கிறது.

பகுதிநேர வேலையை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். கனடாவில் பாட நாட்களில் வாரம் 24 மணி, ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் என்பவை உச்சவரம்புகள், உத்தரவாதம் அல்ல. வேலையே கிடைக்காவிட்டாலும் முதல் ஆண்டு ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால் கடன் தவணையை நினைத்து மகள் கையில் கிடைத்த முதல் வேலையில் சேருவார். அந்த வேலை ப்ளூ கார்டுக்கும் சேராது, 1,560 மணி நேரத்திலும் சேராது.

இத்தனைக்குப் பிறகு, கேட்ட கேள்விக்கு என் பதில்: ஜெர்மன் மொழிக்கு நேரம் ஒதுக்க மகள் உண்மையிலேயே தயார் என்றால் ஜெர்மனி. அதற்குத் தயாரில்லை, கையில் பணம் இருக்கிறது, பிரெஞ்சு படிக்கச் சம்மதம் என்றால் கனடா. இரண்டு மொழியும் வேண்டாம் என்றால் 489ஐ முன்னால் வைத்துக்கொண்டு அவரிடமே பேசுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இந்த எண்களை மறுபடி சரிபாருங்கள், இவற்றில் பாதிக்கு மேல் கடந்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் மாறியவை.