காதில் விழுந்த வரியில் இருந்த ஒரு ‘உம்’

கேள்வி: போகிற வழியில் யாரோ பேசுகிற ஒரு வரி மனதில் ஒட்டிக்கொள்கிறது. நோட்டில் எழுதியும் வைக்கிறேன். ஆனால் அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. அந்த ஒற்றை வரியிலிருந்து பாத்திரம், மோதல், பணயம் எல்லாம் இருக்கிற முழுக் கதைக்கருவை எப்படி உருவாக்குவது?

சில மாதங்களுக்கு முன் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஏறி வந்த ஒரு பெண் போனில் பேசியது காதில் விழுந்தது: “இந்தத் தடவையும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்னு அவருக்குத் தெரிய வேணாம்.” அவ்வளவுதான். அவள் மேலே போய்விட்டாள், நான் கீழே வந்துவிட்டேன்.

படியிலேயே நின்று அதை அப்படியே எழுதிக்கொண்டேன். இது முக்கியம். அன்று இரவு நோட்டைப் பார்க்காமல் நினைவுபடுத்திப் பார்த்தபோது, “நான் கையெழுத்துப் போட்டது அவருக்குத் தெரியக் கூடாது” என்றுதான் வந்தது. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ‘தடவையும்’ என்பதில் இருந்த உம் போய்விட்டது, ‘நான்தான்’ என்பதில் இருந்த தான் போய்விட்டது. தமிழில் கதை பெரும்பாலும் இந்த ஒட்டுகளில்தான் ஒளிந்திருக்கிறது. நினைவு முதலில் உதிர்ப்பதும் இவற்றைத்தான். உங்கள் நோட்டில் இருக்கும் வரிகள் நகர மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்: பேசியபடி எழுதாமல், பொருளை மட்டும் எழுதி வைத்திருப்பீர்கள்.

சரி, அந்த வரியை மெதுவாகப் பிரிக்கலாம். ‘இந்தத் தடவையும்’ என்றால் இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. இது ஒரு நாள் தடுமாற்றம் இல்லை, பழக்கம். ‘நான்தான்’ என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறொருவர். ‘தெரிய வேணாம்’ என்பது கட்டளை இல்லை, கேட்டுக்கொள்வது. அப்படியானால் போனின் மறுமுனையில் இருப்பவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். அவரும் இதில் கூட்டு. நான் அதிக நேரம் யோசித்தது ‘அவருக்கு’ என்ற சொல்லைப் பற்றி. அப்பாவாக இருந்தால் ‘அப்பாவுக்கு’ என்றிருப்பாள். பெயரும் இல்லாமல் உறவும் இல்லாமல் வெறும் ‘அவர்’ என்றால், ஒன்று கணவர், இல்லையென்றால் பேசுகிற இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவர்.

கணவர் என்றதும் கதை தானாக ஓடியது: தம்பியின் கடனுக்கு மனைவி ரகசியமாக ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாள். அதை ஒரு பக்கம் எழுதி ஒதுக்கி வைத்தேன். முதலில் தோன்றுவது மற்றவர்களுக்கும் முதலில் தோன்றுவதுதான். இரண்டாவது வழியில் போனேன். வேலையிடத்துப் பெரியவர், அவர் போட வேண்டிய கையெழுத்து, அதை ரகசியமாகப் போடும் பெண். எந்தத் தொழிலில் ஒரு கையெழுத்துக்கு உயிரின் கனம் இருக்கும்? லிஃப்ட் பராமரிப்பு என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு முறை சோதித்த பிறகும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கதவு சரியாக மூடாமல் லிஃப்ட் நகராதபடி தடுக்கும் பூட்டு வேலை செய்கிறதா என்பது அந்தச் சோதனையில் ஒன்று.

இப்போது பாத்திரங்கள் வந்துவிட்டார்கள். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மெக்கானிக்குக் கொஞ்ச நாளாக மறதி. சில சோதனைகளை விட்டுவிடுகிறார், பதிவேட்டையும் மறந்துவிடுகிறார். ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கிறது. அவர் விட்டதை அவள் வேலை நேரம் முடிந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு, அவர் கையெழுத்தையே போட்டு வைக்கிறாள். பதிவேட்டைப் பாதுகாக்கும் காவலாளிக்கு இது தெரியும். போனில் இருந்தவர் அவர்தான்.

இது இன்னும் கதைக்கரு இல்லை, ஒரு நிலைமைதான். நான் பல வரிகளை இந்த இடத்தோடு விட்டிருக்கிறேன், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: இவர்கள் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் சிக்கல் தீர்ந்துவிடுமா? என் முதல் வடிவத்தில் தீர்ந்துவிட்டது. அவள் சொல்கிறாள், அவர் வருந்துகிறார், சீக்கிரமே ஓய்வு பெறுகிறார். வருத்தம் இருக்கிறது, பணயம் இல்லை.

எனவே பேசுவதற்கே ஒரு விலை வைக்க வேண்டியிருந்தது. அதற்கு வெளியிலிருந்து வில்லனையோ விபத்தையோ கொண்டுவரவில்லை, மறுபடி அந்த வரிக்கே போனேன். ‘இந்தத் தடவையும்.’ முந்தைய தடவைகளும் இந்தத் தடவையும் ஒரே மாதிரிதானா? அவள் அப்படிச் சொல்கிறாள். ஆனால் இந்தத் தடவை அவளுக்கு நேரம் இருக்கவில்லை. கதவுப் பூட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்த ‘உம்’ ஒரு பொய். பழைய கையெழுத்துகளின் வரிசையில் இதையும் சேர்த்து மறைக்கிறாள்.

இது கிடைத்ததும் மற்றவை தாமாகவே இறுகின. பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே என்பது அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். உண்மையைச் சொன்னால் அவருடைய பெயர் போகும், அவள் வேலை போகும், உதவி செய்த காவலாளியும் மாட்டுவார். சொல்லாவிட்டால் அந்த லிஃப்டில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சரிபார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த வழியை அடைக்காவிட்டால் கதை நிற்காது. அதனால் அன்று மாலையே அவளை வேறு ஊர் வேலைக்கு அனுப்பினேன், அந்த லிஃப்டின் பொறுப்பை அவரிடம் தனியாக விட்டேன்.

இவ்வளவும் ஆன பிறகு மூன்று வாக்கியங்களில் எழுதிப் பார்த்தேன்: “மறதி வந்துவிட்ட ஆசானின் பெயரைக் காப்பாற்ற, அவர் விட்ட சோதனைகளைச் செய்து அவர் கையெழுத்தையே போட்டு வருகிறாள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறாள், அன்று மாலையே வெளியூர் அனுப்பப்படுகிறாள். விடிவதற்குள் அவள் அவருக்கு போன் செய்து அந்தப் பூட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும், ஆனால் அப்படிச் சொன்னாலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.” இதில் யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதை இழப்பார்கள், ஏன் இன்றே என்ற நான்கும் இருக்கின்றன. ‘ஏன் இன்றே’ என்பதற்குப் பதில் இல்லையென்றால் நான் எழுத உட்கார மாட்டேன்.

இன்னொன்று. அந்தப் பெண்ணின் உண்மைக் கதையைத் தேடிப் போகாதீர்கள். ஒரு விருந்தில் பக்கத்திலிருந்தவர் பேச்சுவாக்கில் சொன்ன சில சொற்களிலிருந்துதான் 1897இல் நூலாக வந்த தன் நாவலுக்கு விதை கிடைத்தது என்று ஹென்றி ஜேம்ஸ் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். பக்கத்திலிருந்தவர் மேலும் விவரம் சொல்லத் தொடங்கியதும், உண்மை நிகழ்ச்சி அந்த விதையைக் கெடுப்பதாக ஜேம்ஸுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அதே அனுபவம் உண்டு. தவிர, யாரோ ஒருவரின் நிஜ ரகசியம் நம் கதையில் அடையாளம் தெரியும்படி வந்துவிடவும் கூடாது.

கேட்ட வரியைக் கதையின் முதல் வரியாக வைக்கவும் எனக்கு மனமில்லை. முதலில் அவள் பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாள். போன் பேச்சு அதற்கு அடுத்த காட்சியில் வருகிறது. அப்போது ‘இந்தத் தடவையும்’ என்று அவள் சொல்லும்போது, அது பொய் என்று வாசகருக்குத் தெரிந்திருக்கும், காவலாளிக்குத் தெரிந்திருக்காது.