டிசிஎல் 4 என்று வந்தும் லாபம் முழுக்கக் காணாமல் போவது ஏன்?

கேள்வி: விற்பனை 10,000 பொருள், விலை 100, ஒரு பொருளுக்கு மாறும் செலவு 60, நிலையான செலவு 2,40,000, வட்டி 60,000. கூட்டு லீவரேஜ் (டிசிஎல்) 4 வருகிறது. அப்படியென்றால் விற்பனை 10% குறைந்தால் லாபம் 40% குறைய வேண்டும். ஆனால் விற்பனைத் தொகையை 10,00,000-லிருந்து 9,00,000 ஆக்கி, மற்ற எதையும் தொடாமல் கணக்குப் போட்டால் லாபமே பூஜ்யமாகிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்:

விற்பனைத் தொகையைக் குறைத்த நீங்கள், மாறும் செலவை 6,00,000-லேயே விட்டுவிட்டீர்கள். அதே 10,000 பொருளை 100-க்குப் பதில் 90-க்கு விற்றதாகத்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம். டிசிஎல் சொல்வது விலை மாற்றத்தைப் பற்றியல்ல, எண்ணிக்கை மாற்றத்தைப் பற்றி. விலை 100-லேயே நின்று, 9,000 பொருள் மட்டும் விற்றால் என்ன ஆகும் என்பதற்குத்தான் 4 என்ற எண் பதில் சொல்லும்.

அதைச் சரிபார்த்துவிடலாம். ஒரு பொருள் விற்றால் விலையில் மாறும் செலவு போக 40 மிஞ்சுகிறது. இதுதான் பங்களிப்பு. 10,000 பொருளுக்கு 4,00,000. அதில் நிலையான செலவு 2,40,000 போனால் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், அதாவது இயக்க லாபம், 1,60,000. வட்டி 60,000 போக, வரிக்கு முன் 1,00,000. இப்போது எண்ணிக்கையை 9,000 ஆக்குங்கள். பங்களிப்பு 3,60,000. நிலையான செலவு அசையாது, ஆகவே இயக்க லாபம் 1,20,000. வட்டியும் அசையாது, ஆகவே கையில் நிற்பது 60,000. 1,00,000 என்பது 60,000 ஆகிவிட்டது, சரியாக 40% சரிவு.

இந்த 40% இரண்டு படிகளில் உருவாகிறது. முதல் படியில் 10% எண்ணிக்கைச் சரிவு, இயக்க லாபத்தில் 25% சரிவாகிறது (1,60,000-லிருந்து 1,20,000). விற்பனை குறைந்தாலும் நிலையான செலவு குறையாததே காரணம். இதுதான் ஆப்பரேட்டிங் லீவரேஜ், அளவு 2.5. இரண்டாவது படியில் அந்த 25%, வரிக்கு முந்தைய லாபத்தில் 40% ஆகிறது. கடன் கொடுத்தவருக்கு உங்கள் விற்பனை எப்படி இருந்தாலும் அதே 60,000 போய்ச் சேர வேண்டும். இது ஃபைனான்ஷியல் லீவரேஜ், அளவு 1.6. முதல் படியின் விளைவுதான் இரண்டாவது படிக்குள் போகிறது. அதனால்தான் இரண்டையும் பெருக்குகிறோம், கூட்டுவதில்லை.

```
டிஓஎல் = பங்களிப்பு ÷ இயக்க லாபம்               = 4,00,000 ÷ 1,60,000 = 2.5
டிஎஃப்எல் = இயக்க லாபம் ÷ வரிக்கு முந்தைய லாபம்   = 1,60,000 ÷ 1,00,000 = 1.6
டிசிஎல் = பங்களிப்பு ÷ வரிக்கு முந்தைய லாபம்     = 4,00,000 ÷ 1,00,000 = 4
```

வரி விகிதம் மாறாமல் இருந்து, லாபமும் பிளஸ்ஸிலேயே இருந்தால் வரி இந்தக் கணக்கைத் தொடாது. 25% வரி என்றால் 75,000 என்பது 45,000 ஆகும், அதுவும் 40% சரிவுதான். பங்கு எண்ணிக்கை மாறாதவரை பங்கு ஒன்றின் வருவாயும் அதே சதவீதத்தில் இறங்கும்.

இனி நீங்கள் தெரியாமல் போட்ட விலைக் கணக்குக்கு வருவோம். அது தப்பான வழியில் வந்த கணக்கு என்றாலும் அதிலிருந்து தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. எண்ணிக்கை 10% குறைந்தால், போகும் ஒவ்வொரு பொருளோடும் அதன் மாறும் செலவு 60-ம் சேர்ந்தே போய்விடும். ஆகவே இழப்பு பொருளுக்கு 40 மட்டுமே. விலை 10% குறைந்தால் செலவு எதுவும் கூடவே போகாது. 10,000 பொருளிலும் தலைக்கு 10 வீதம், 1,00,000 அப்படியே லாபத்திலிருந்து கழிகிறது. விலைக்கான பெருக்கி என்று ஒன்று வேண்டுமென்றால் விற்பனைத் தொகையை வரிக்கு முந்தைய லாபத்தால் வகுக்க வேண்டும்: 10,00,000 ÷ 1,00,000 = 10. இதே நிறுவனத்துக்கு எண்ணிக்கையில் 4 மடங்கு, விலையில் 10 மடங்கு. டிசிஎல் குறைவுதானே என்று தைரியமாகத் தள்ளுபடி அறிவிப்பவர்கள் சிக்கிக்கொள்வது இந்த வித்தியாசத்தில்தான். விலையை 90 ஆக்கிய பிறகும் அதே 1,00,000 லாபம் வேண்டுமென்றால் 4,00,000 பங்களிப்பு தேவை. பொருளுக்கு இப்போது 30-தான் மிஞ்சுகிறது, ஆகவே 13,334 பொருள் விற்றாக வேண்டும். 10% தள்ளுபடியை ஈடுகட்ட எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும்.

அடுத்து எல்லோரும் தடுமாறுகிற இடம்: டிசிஎல் என்பது நிறுவனத்தின் நிரந்தர குணம் இல்லை. 10,000 பொருள் விற்கும் அந்த ஒரு புள்ளிக்குத்தான் அது 4. விற்பனை 9,000-க்கு இறங்கியதும் புதிதாகக் கணக்கிட்டால் 3,60,000 ÷ 60,000 = 6. அங்கிருந்து இன்னொரு 10% இறங்கி 8,100 ஆனால் லாபம் 24,000. இந்தத் தடவை சரிவு 60%. அந்தப் புள்ளியில் டிசிஎல் 13.5. ஒவ்வொரு தடவையும் விற்பனை அதே 10%தான் குறைந்தது, ஆனால் அடி கூடிக்கொண்டே போகிறது. மேலே போகும்போது இதற்கு நேர்மாறு: விற்பனை வளர வளர டிசிஎல் 1-ஐ நோக்கி இறங்கும்.

டிசிஎல் எண்ணை நான் எப்போதும் தலைகீழாக்கிப் படிக்கச் சொல்வேன். 1 ÷ 4 = 25%. இன்றைய எண்ணிக்கையிலிருந்து 25% குறைந்தால் லாபம் பூஜ்யம் என்று அர்த்தம். நிலையான செலவும் வட்டியும் சேர்ந்து 3,00,000, அதை 40-ஆல் வகுத்தால் 7,500 பொருள். 10,000-லிருந்து சரியாக 25% கீழே. டிசிஎல் 6 என்றால் 16.7%, 13.5 என்றால் வெறும் 7.4%. “லாபம் எத்தனை மடங்கு ஆடும்” என்பதைவிட “எவ்வளவு தூரம் இறங்கினால் லாபம் தீரும்” என்பது முடிவெடுக்கிறவர் மனதில் சட்டென்று பதியும். அந்தப் புள்ளிக்குக் கீழே போனால் டிசிஎல் மைனஸில் வரும். அந்த எண்ணுக்கு நடைமுறையில் பயனில்லை, அங்கே நேரடியாக நட்டத் தொகையைப் பார்ப்பதே சரி.

இப்போது இந்தக் கருவி உண்மையாகவே கை கொடுக்கும் ஒரு முடிவைப் பார்ப்போம். அதே நிறுவனம் கடன் வாங்கி ஒரு இயந்திரம் போடுகிறது என்று வையுங்கள். மாறும் செலவு 60-லிருந்து 40 ஆகிறது. தேய்மானம், பராமரிப்பு சேர்ந்து நிலையான செலவு 4,00,000 ஆகிறது. வட்டி 1,00,000 ஆகிறது. 10,000 பொருளுக்குப் பங்களிப்பு 6,00,000, இயக்க லாபம் 2,00,000, வட்டி போக 1,00,000. லாபம் பழையபடியே இருக்கிறது. லாப நட்டக் கணக்கின் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஆனால் டிஓஎல் 3, டிஎஃப்எல் 2, டிசிஎல் 6. பாதுகாப்பு எல்லை 25%-லிருந்து 16.7% ஆகச் சுருங்கிவிட்டது. 12,000 பொருள் விற்றால் பழைய அமைப்பில் 1,80,000, புதியதில் 2,20,000. 8,000-தான் விற்றால் பழையதில் 20,000 லாபம், புதியதில் 20,000 நட்டம்.

இங்கே இரண்டு லீவரேஜும் ஒரே நேரத்தில் ஏறியதைக் கவனியுங்கள். இயந்திரத்தைக் கடனில் வாங்கினால் அது இயல்பாகவே நடக்கும். இதே இயந்திரத்தைப் பங்கு மூலதனத்தில் வாங்கியிருந்தால் வட்டி 60,000-லேயே நின்றிருக்கும். வரிக்கு முந்தைய லாபம் 1,40,000, டிசிஎல் 6,00,000 ÷ 1,40,000, அதாவது சுமார் 4.3. பழைய 4-க்கு மிக அருகில். ஆனால் அந்த லாபத்தைக் கூடுதல் பங்குகளோடு பகிர வேண்டும், அதுதான் அதன் விலை. விற்பனை ஏறி இறங்கும் தொழிலில் ஆப்பரேட்டிங் லீவரேஜ் ஏறும்போது கடனைக் கட்டுப்படுத்துவதே சரி என்பது என் கருத்து. வாங்கிய இயந்திரத்தைப் பாதியில் திருப்பிக் கொடுப்பதைவிடக் கடன் வாங்காமல் இருப்பது எளிது.

கணக்கில் அடிக்கடி நேரும் ஒரு பிழை முன்னுரிமைப் பங்கு ஈவுத்தொகையில். அது வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலிருந்து போகிறது. எனவே வட்டியோடு அப்படியே சேர்த்துக் கழிக்கக் கூடாது, வரிக்கு முந்தைய தொகையாக மாற்றிக் கழிக்க வேண்டும். ஈவுத்தொகை 15,000, வரி 25% என்றால் 15,000 ÷ 0.75 = 20,000. இயந்திரம் போடாத பழைய கணக்கில் கீழே நிற்பது 80,000, டிசிஎல் 5. மாற்றாமல் 15,000-ஐயே கழித்தால் 4.7 என்று வரும், ஆபத்து குறைவாகத் தெரியும். சரிபார்ப்பது சுலபம்: சாதாரணப் பங்குதாரருக்கு மிஞ்சுவது 60,000. 10% எண்ணிக்கைச் சரிவில் அது 30,000 ஆகிறது. 50% சரிவு, ஆகவே 5-தான் சரி.

கடைசியாக, டிசிஎல் லாபத்தைப் பற்றி மட்டுமே பேசும், பணப்புழக்கத்தைப் பற்றி அல்ல. தேய்மானம் நிலையான செலவில் இருக்கிறது, ஆனால் அதற்காக மாதாமாதம் பணம் வெளியே போவதில்லை. கடனின் அசல் தவணை இந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை, ஆனால் அதற்குப் பணம் வெளியே போகிறது. டிசிஎல் ஒன்றாகவே இருக்கும் இரண்டு நிறுவனங்களில், 3 வருடத்தில் அசலைக் கட்டி முடிக்க வேண்டியது முதலில் திணறும், 10 வருடம் அவகாசம் உள்ளது தாக்குப்பிடிக்கும். உங்கள் கணக்குத் தாளில் வட்டி இருக்கும் வரிசைக்குக் கீழே அசல் தவணைக்குத் தனியாக ஒரு வரிசை போட்டு, 10,000, 9,000, 8,100 மூன்றுக்கும் பணம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். விலையை எண்ணிக்கையோடு பெருக்கி விற்பனைத் தொகை வருமாறு சூத்திரம் போட்டுவிட்டால், இந்தக் கேள்விக்குக் காரணமான பிழையும் மறுபடி வராது.