ரப்பர் விலை படத்தில் சரிந்ததும் பணத்தில் சரிந்ததும்

“குலசேகரத்தில் சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். ஷீட் விலை வரைபடம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே மாதத்தில் கோடு உச்சியிலிருந்து அடிவரை விழுந்துகிடக்கிறது. கையிலிருக்கும் 200 கிலோவை உடனே விற்றுவிடவா?”

அண்ணாச்சி, கோடு கிடக்கட்டும். இடது ஓரத்து எண்களைப் பாருங்கள். நீங்கள் இணைத்த படத்தில் அடியில் 184, உச்சியில் 192. படத்தின் முழு உயரமே எட்டு ரூபாய்தான். கோடு 191-இல் தொடங்கி 185-இல் முடிகிறது. எட்டில் ஆறு போனதால் முக்கால் உயரம் சரிந்ததாகத் தெரிகிறது; விலையிலோ இறக்கம் 3 சதவீதம் சொச்சம். அதே விலைகளை, இடது ஓர அச்சில் 0 முதல் 200 வரை எண் போட்டு வரைந்தால் கோடு ஏறக்குறைய படுத்துக்கிடக்கும்.

இதை மோசடி என்று சொல்லமாட்டேன். பட்டை வரைபடத்தில் பட்டையின் நீளமே அளவு; அது பூஜ்ஜியத்தில் தொடங்கியாக வேண்டும். கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயமில்லை. சிறிய அசைவும் தெரியட்டும் என்று அச்சை வெட்டுவார்கள். பல செயலிகள் அந்த மாதத்தின் குறைந்த, கூடிய விலைக்கேற்பத் தாமாகவே வெட்டிவிடும். வம்பு அங்கேதான்: இரண்டு ரூபாய் இறங்கிய மாதமும் இருபது ரூபாய் இறங்கிய மாதமும் ஒரே சரிவாகத் தெரியும்.

உங்கள் 200 கிலோவுக்கு வித்தியாசம் 1,200 ரூபாய். சும்மா விடும் தொகையல்ல, ஆனால் பதறி விற்கவும் காரணமில்லை. ஓராண்டு விலை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆறு ரூபாய் ஏற்ற இறக்கம் அதில் அடிக்கடி வருகிறதா என்று எண்களை வைத்துப் பாருங்கள். இடது ஓரம் வெட்டப்பட்டு எண்ணே இல்லாத படம் வந்தால் அழித்துவிடுங்கள்.