47 கிலோ பெண் ரத்தம் கொடுக்கலாமா?

“என் மகளுக்கு 19 வயது, எடை 47 கிலோ. மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த வாரம் ரத்ததான முகாமாம், பேர் கொடுத்துட்டு வந்துட்டாள். பொம்பளப் பிள்ளைக்கு இருக்கிற ரத்தமே கம்மி, மயங்கி விழுந்தா யார் பாக்குறது, ஊசியில நோய் வந்துட்டா என்ன செய்யறதுன்னு எங்க மாமியார் சத்தம் போடுறாங்க. அனுப்பலாமா?” — திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்

அனுப்பலாம் அம்மா. ஆனால் முகாமில் அவளைச் சரியாகப் பரிசோதித்த பிறகுதான் ஊசி ஏற வேண்டும். அதை அவளே கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊசி பயத்தை முதலில் முடித்துவிடுவோம். ரத்தம் எடுக்கிற ஊசி, குழாய், பை மூன்றும் ஒட்டியபடி ஒரே உறைக்குள் சீல் வைத்துத்தான் வரும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குப் போட வழியே கிடையாது. உறையை அவள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லட்டும், அது போதும். கொடுக்கிறவருக்கு இதில் நோய் ஒட்டாது. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், பால்வினை நோய், மலேரியா என்று பிறகு நடக்கிற சோதனைகளெல்லாம் ரத்தத்தை வாங்கிக்கொள்ளப்போகிற நோயாளிக்காக.

அடுத்தது அளவு. நம் நாட்டில் 45 கிலோவுக்கு மேல் இருந்தால் கொடுக்கலாம், ஆனால் 55 கிலோ வரைக்கும் 350 மில்லி பைதான். ஒரு கிலோவுக்கு 8 மில்லி என்று கணக்குப் போட்டால் உங்கள் மகளுக்கு 376 மில்லி வருகிறது, 350 அதற்குள் அடங்கிவிடும். அவள் உடம்பில் ஏறத்தாழ 3 லிட்டர் ரத்தம் இருக்கும், அதில் ஒன்பதில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட போகிறது. 450 மில்லி பையும் உண்டு, அது அவளுக்கு ஆகாது. ஆனால் கூட்டம் முட்டி மோதும்போது கையில் கிடைத்த பையை மாட்டிவிடுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எடையை வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்கள், எடை மெஷின் ஒரு மூலையில் சும்மா கிடக்கும். “எனக்கு 350 பைதானே?” என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எவ்வளவு அவசரத்தில் இருப்பவரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு விஷயம் சரி. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. அதனால்தான் ஹீமோகுளோபின் 12.5 இல்லாமல் யாரிடமும் எடுக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். பல முகாம்களில் இதைப் பார்ப்பது மயில்துத்தக் கரைசலில். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை நீலக் கரைசலில் விடுவார்கள், கால் நிமிடத்துக்குள் அடியில் போய் உட்கார்ந்தால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, மிதந்தாலோ நடுவிலேயே நின்றாலோ இல்லை. எளிய முறைதான், ஒழுங்காகச் செய்தால் நம்பலாம். ஆனால் ஒரே கரைசலில் ஐம்பது பேர், நூறு பேர் சொட்டை விட்டுக்கொண்டே போனால் அது காட்டுவதற்கு அர்த்தமே இல்லை, இருபத்தைந்து பேருக்கு ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் சொட்டு நீர்த்துப்போய், நன்றாக இருக்கிற பெண்ணையும் “ரத்தம் கம்மி” என்று அனுப்பிவிடுவார்கள். எண் காட்டும் சின்ன மெஷின் இருந்தால் அதில் பார்க்கச் சொல்லி எண்ணைக் கேட்டு வாங்கட்டும். இந்தச் சோதனையே இல்லாமல் நேராகக் கட்டிலுக்கு அனுப்பினால் அவள் எழுந்து வந்துவிட வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், முகாமில் கூச்சத்தால் யாரும் இதைப் பேசுவதில்லை. மாதவிலக்கு நாட்களில் கொடுக்கக்கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதா மாதம் ஏழு நாளைத் தாண்டிப் போகிறவள், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறவள், கட்டிகட்டியாகப் போகிறவள், அன்றைக்குச் சொட்டு மூழ்கினாலும் கொடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சொட்டு காட்டுவது இப்போது ரத்தத்தில் ஓடுகிற சத்தை. உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தை அது காட்டாது. 350 மில்லியோடு ஏறக்குறைய 150 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது, சேமிப்பு காலியான பெண்ணுக்கு அதை ஈடுகட்ட பல மாதம் ஆகும். 12.5 என்று நூலிழையில் தேறிக் கொடுத்துவிட்டு அடுத்த இரண்டு மாதம் படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்று வந்து நிற்கிற பெண்கள் உண்டு. அப்படிப்பட்டவள் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும், சரியான பிறகு கொடுக்கலாம். உங்கள் மகளிடம் நீங்களே கேளுங்கள். முகாமில் இருக்கிற பையன் கேட்டால் அவள் சொல்லமாட்டாள்.

மயக்கம் வருமா என்றால் வரலாம். முதல்முறை, சின்ன வயசு, எடை குறைவு மூன்றும் சேர்கிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. நரம்பு சட்டென்று ரத்த அழுத்தத்தை இறக்கிவிடுவதால் வருவது, ரத்தம் போதாமல் வருவதில்லை. காபியை மட்டும் குடித்துவிட்டுப் போகக்கூடாது, நாலு இட்லி சாப்பிட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். எடுப்பதற்கு அரைமணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். படுத்திருக்கும்போது இரண்டு காலையும் பின்னி, தொடையை இறுக்கி இறுக்கி விடலாம், நல்ல பலன் தரும். கொட்டாவி, வியர்வை, குமட்டல் வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்தம் எடுக்க ஆவது பத்து நிமிடத்துக்குள்தான், அதற்குப் பிறகு கால்மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். ஜூஸை வாங்கிக்கொண்டு வெயிலில் ஓடிப்போய் மாட்டுத்தாவணி பஸ்ஸில் நெரிசலில் நின்றபடி போகிற பிள்ளைதான் விழுகிறாள். அன்றைக்கு ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம், நீங்களோ அவள் அப்பாவோ போய்க் கூட்டிவாருங்கள்.

போன ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் திரும்ப ஒன்றிரண்டு மாதம் ஆகும். கீரையும் பேரீச்சம்பழமும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாமல் டாக்டரைக் கேட்டு இரும்புச்சத்து மாத்திரை போட்டுக்கொள்ளட்டும், மாத்திரையோடு டீ வேண்டாம். பெண்கள் அடுத்தமுறை கொடுக்க 120 நாள் ஆக வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது முகாம் நடத்தும் ஆட்களிடம்தான். தலைவர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் ஊரெல்லாம் பந்தல் போட்டு, இத்தனை யூனிட் என்று பேனர் வைக்கத் துடிக்கிறார்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற தட்டணு 5 நாளில் வீணாகும், முழு ரத்தம் 35 நாளில் காலாவதி. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி மூடியிருக்கும்போது ஒரு பைக்கு அலைகிற குடும்பங்களை யார் பார்க்கிறார்கள்? இலக்கை எட்டத்தான் எடை பார்ப்பதும் சொட்டு பார்ப்பதும் காணாமல் போகிறது. ஹெல்மெட், டிபன் பாக்ஸ் தருகிறோம் என்று இழுக்கிற முகாமுக்கு அவள் போக வேண்டாம். பரிசுக்காக வருகிறவர் தனக்கிருக்கும் நோயை மறைப்பார்.

கொடுத்து முடித்ததும் ஒரு கொடையாளர் அட்டை தருவார்கள். “எல்லோருடையதையும் சேர்த்து வைத்துக்கிறேன், அவசரத்துக்கு உதவும்” என்று யாராவது மாணவர்களிடம் வசூல் செய்தால் கொடுக்கவே வேண்டாம். ரத்தம் கேட்டால் பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொல்கிற இடங்களில் இப்படிப்பட்ட அட்டையைக் காட்டி ரத்தம் வாங்கலாம் என்பதால், அதை நோயாளியின் சொந்தக்காரரிடம் காசுக்கு விற்கிற தரகர்கள் இருக்கிறார்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பதை 1998 ஜனவரியிலேயே நிறுத்தியாகிவிட்டது, ஆனாலும் தரகர் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறார். அட்டையை வாங்கியதும் ரத்த வகை, தேதி, ரத்த வங்கியின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.