சாவி கசிந்தாலும் பழைய உரையாடல் ஏன் திறக்காது?

கேள்வி: சர்வரின் சாவி நாளைக்குத் திருடு போனால், போன வருஷம் அனுப்பியதையும் படித்துவிடுவார்களே? ஃபார்வர்ட் சீக்ரெசி அதை எப்படித் தடுக்கிறது?

ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு புதுச் சாவி, வேலை முடிந்ததும் அது அழிக்கப்படும். ஃபார்வர்ட் சீக்ரெசி என்பது இவ்வளவுதான்.

பழைய முறையில், பிரவுசர் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி, சர்வரின் நிரந்தரச் சாவி மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்பும். ஒட்டுக்கேட்பவர் எல்லாவற்றையும் அப்படியே சேமித்துக்கொண்டு காத்திருந்தால் போதும். என்றைக்குச் சாவி கிடைக்கிறதோ, அன்றைக்கு எல்லாமே திறந்துவிடும். இது வெறும் கற்பனை இல்லை. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை வழியாக, சர்வர் நினைவகத்திலிருந்து சாவியையே உருவ முடிந்தது.

புதிய முறையில் இரு பக்கமும் ஆளுக்கொரு தற்காலிக எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அதை வைத்துப் போட்ட கணக்கின் விடையை மட்டும் பரிமாறிக்கொள்ளும். அடுத்தவர் விடையோடு தன் எண்ணைச் சேர்த்தால் இருவருக்கும் ஒரே சாவி வந்துவிடும். அந்தச் சாவி கம்பியில் பயணிப்பதே இல்லை. விடைகளை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாத வேலை. அப்புறம் நிரந்தரச் சாவி எதற்கு? "நான்தான் அந்த சர்வர்" என்று கையெழுத்துப் போட மட்டும். பிரவுசரும் சர்வரும் ரகசியமாகப் பேசப் பின்பற்றும் விதிமுறையின் பதிப்பாக 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3, பழைய பூட்டி அனுப்பும் முறையையே நீக்கிவிட்டது.

வங்கியில் உங்கள் கையெழுத்தை ஒருவன் அச்சு அசலாகப் போடப் பழகிவிட்டான் என்று வையுங்கள். இனிமேல் உங்கள் பெயரில் ஏமாற்றலாம். ஆனால் போன மாதம் மேனேஜர் அறையில் நீங்கள் பேசியது அவனுக்குத் தெரியவராது.

பலரும் நினைப்பதுபோல இது போனிலும் பேக்கப்பிலும் கிடக்கும் பழைய மெசேஜ்களைக் காப்பதில்லை. வழியில் பிடித்துச் சேமித்தவற்றுக்கு மட்டும்தான் இந்தக் காவல்.