காரணிகளைப் பெருக்கினால் அந்தப் ‘பாதி’ எங்கிருந்து வருகிறது? சில கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன. ஓர் எண்ணின் காரணிகள் எல்லாவற்றையும் பெருக்கினால் விடை அந்த எண்ணின் அடுக்காகவே வருகிறது, அடுக்கில் இருப்பது காரணிகளின் எண்ணிக்கையில் பாதி. அதனால் அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

திருச்செங்கோட்டிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி: 12-க்கு 6 காரணிகள், பெருக்கினால் 12³ வருகிறது. போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் ஏன் பாதி என்று புரியவில்லைங்க.

போட்டுப் பார்த்தது நல்லது கண்ணு. இப்போது அதே ஆறு காரணிகளை ஒரு வரியில் ஏறுவரிசையில் எழுது, அதற்கு நேர் கீழே இறங்குவரிசையில் எழுது.

1, 2, 3, 4, 6, 12
12, 6, 4, 3, 2, 1

மேலும் கீழுமாக இருக்கும் இரண்டை மட்டும் பெருக்கு. 1 × 12, 2 × 6, 3 × 4, 4 × 3, 6 × 2, 12 × 1 என்று எல்லா இடத்திலும் 12 தான். ஆறு இடம், ஆறு பன்னிரண்டு, ஆக இரண்டு வரியையும் சேர்த்துப் பெருக்கினால் 12⁶. ஆனால் நமக்கு வேண்டியது ஒரு வரியின் பெருக்கற்பலன்தானே. இரண்டு வரியிலும் இருப்பது அதே எண்கள், அதனால் 12⁶ என்பது நாம் தேடும் விடையின் வர்க்கம். வர்க்கமூலம் எடுத்தால் 12³, அதாவது 1728. பாதி வந்தது இந்த வர்க்கமூலத்தால்தான்.

இது 12-க்கு மட்டும் அமைந்த பொருத்தமா என்ற சந்தேகம் அடுத்து வரும், வர வேண்டும். ஓர் எண்ணை d மீதியில்லாமல் வகுத்தால், வரும் ஈவும் அந்த எண்ணின் காரணியே. அந்த ஈவால் மறுபடி வகுத்தால் பழைய d திரும்பக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு காரணிக்கும் துணை ஒன்றே ஒன்று, இரண்டு காரணிகளுக்கு ஒரே துணை அமையாது, எதுவும் விடுபடாது. d பெரிதாகப் பெரிதாக ஈவு சிறிதாகும், அதனால்தான் கீழ்வரி அச்சு பிசகாமல் மேல்வரியின் தலைகீழாக இருக்கிறது. இந்த வாதத்தில் 12 என்ற எண்ணுக்கென்று தனியாக எதுவும் இல்லை பார், எந்த எண்ணுக்கும் ஓடும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர்: வகுப்பில் நான் ஜோடி சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். 36 வந்தால் மாட்டிக்கொள்கிறேன். காரணிகள் 9, பாதி நாலரை. நாலரை அடுக்கு என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

ஜோடி சேர்ப்பது தவறில்லை, ஆனால் வர்க்க எண் வந்ததும் ‘நடுவில் ஒன்று தனியாக நிற்கிறது’ என்று ஒரு விதிவிலக்கு போட வேண்டி வருகிறது. இரண்டு வரி எழுதும் முறையில் அந்தச் சிக்கலே எழாது, அதனால் நான் எப்போதும் அதையே சொல்வேன்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தென்னந்தோப்பை வைத்தே காட்டலாம். 36 தென்னங்கன்றுகளை வரிசை வரிசையாக நட வேண்டும், எல்லா வரிசையிலும் சம எண்ணிக்கை இருக்க வேண்டும். எத்தனை விதமாக நடலாம்? கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் வரிசைகளின் எண்ணிக்கை: 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. இரண்டாம் பத்தியில் ஒரு வரிசைக்கு எத்தனை கன்று: 36, 18, 12, 9, 6, 4, 3, 2, 1. நாலு வரிசையில் ஒன்பது ஒன்பதாக நடுவதும், ஒன்பது வரிசையில் நாலு நாலாக நடுவதும் இங்கே தனித்தனி அமைப்பு. நடுவில் ஆறுக்கு ஆறு சதுரமாக நடுவது ஒரே ஒரு முறைதான் வரும், அதை எப்படித் திருப்பினாலும் அதே அமைப்பு.

ஒவ்வொரு அமைப்பிலும் பெருக்கினால் 36 கன்று. ஒன்பது அமைப்பு, ஆக இரண்டு பத்தியும் சேர்ந்து 36⁹. ஆறுக்கு நேராக ஆறே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு பத்தியின் பெருக்கற்பலனும் ஒன்றே என்பதால் நமக்கு வேண்டியது 36⁹-இன் வர்க்கமூலம். 36 என்பதே 6² ஆயிற்றே, அதனால் அது 6⁹, அதாவது 1,00,77,696.

நாலரை அடுக்கு என்று வாயைத் திறக்கவே வேண்டாம், ‘வர்க்கமூலத்தின் ஒன்பதாம் அடுக்கு’ என்று சொன்னால் போதும். அரை வரும் போதெல்லாம் இந்த வழி கட்டாயம் கைகொடுக்கும், ஏனென்றால் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருவதற்கு ஒரே காரணம் ஒரு காரணி தனக்குத்தானே துணையாக இருப்பதுதான், அப்படி இருந்தால் அந்த எண் வர்க்க எண், அதற்கு முழு எண்ணாக வர்க்கமூலம் உண்டு.

கோபியிலிருந்து போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்: 360-இன் காரணிகளின் பெருக்கற்பலன் கேட்டால் சீக்கிரம் எப்படிப் போடுவது?

360 = 2³ × 3² × 5. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 = 24 காரணிகள். விடை 360¹². நிறையப் பேர் கோட்டை விடுவது அந்த ஒன்றைக் கூட்ட மறந்துதான், கடைசி 5-க்கு அடுக்கு 1 எழுதாமலே இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. கேள்வியில் ‘தன்னைத் தவிர்த்த காரணிகள்’ என்றிருந்தால் ஒரு 360 குறையும், விடை 360¹¹.

பெருந்துறையிலிருந்து: 1 முதல் 100 வரை கூட்டுவதற்கு காஸ் செய்ததாகச் சொல்லும் வழியும் இதுவும் ஒன்றா? அப்படியானால் காரணிகளின் கூடுதலுக்கும் இதே மாதிரி சூத்திரம் கிடைக்குமா?

ஒன்றேதான், நல்லாப் பிடித்தீர்கள். அங்கேயும் வரிசையைத் திருப்பிக் கீழே எழுதி, மேலும் கீழும் கூட்டினால் எல்லா இடத்திலும் 101, நூறு இடம், பாதியாக்கினால் 5050. கூட்டலில் பாதி என்பது இரண்டால் வகுப்பது, பெருக்கலில் அதுவே வர்க்கமூலம்.

ஆனால் காரணிகளின் கூடுதலுக்கு இந்த வழி நடக்காது. 12-க்கே பாருங்கள், 1 + 12 = 13, 2 + 6 = 8, 3 + 4 = 7. துணைகளைப் பெருக்கினால் மாறாத விடை வருகிறது, கூட்டினால் வருவதில்லை. கூடுதல் வேண்டுமென்றால் பகாக் காரணிகளாகப் பிரித்துத்தான் போக வேண்டும்: (1 + 2 + 4) × (1 + 3) = 28.

கோவையில் பொறியியல் படிக்கும் தம்பி: சூத்திரத்தை அப்படியே பைத்தானில் எழுதினேன். 12, 24 எல்லாம் சரி, 36-க்குத் தப்பு. n ** (t // 2) என்று போட்டிருக்கிறேன், t காரணிகளின் எண்ணிக்கை.

9 // 2 என்றால் 4, மீதி அரையைப் பைத்தான் தள்ளிவிடும். அதனால் உனக்கு 36⁴, அதாவது 16,79,616 வந்திருக்கும். சரியான விடையைவிட அது ஆறு மடங்கு குறைவு. தப்பு இதனால்தானா என்று தெரிந்துகொள்ள இதுவே அடையாளம்: வர்க்க எண்களுக்கு மட்டும் பிசகும், சரியான விடையை வந்த விடையால் வகுத்தால் மிகச் சரியாக அந்த எண்ணின் வர்க்கமூலம் கிடைக்கும். சரி என்று // இடத்தில் / போட்டால் தசம எண்ணாக மாறிவிடும், சின்ன எண்களுக்கு விடை சரியாகத் தெரிந்தாலும் பெரிய எண்களுக்குக் கடைசி இலக்கங்கள் போய்விடும்.

மேலே சொன்ன இரண்டு வரி முறையையே நிரலாக எழுது.

```python
from math import isqrt

def perukkam(n, t):
    return isqrt(n ** t)
```

n ** t எப்போதும் முழு வர்க்கம் என்று பார்த்தோம் இல்லையா, அதனால் இங்கே ஒற்றை, இரட்டை என்று பிரிக்கவே வேண்டாம். எண் ரொம்பப் பெரிதாக இருந்தால் மட்டும் இது மெதுவாகும்.

அப்புறம் நிரல் போட்டிகளில் விடையை 1000000007-ஆல் வகுத்த மீதியாகக் கேட்பார்கள், அங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். அடுக்கு பெரிதாக இருப்பதால் அதை 1000000006-ஆல் வகுத்து மீதி எடுத்து வைப்போம், பிறகு பாதியாக்குவோம். மீதி எடுத்த பிறகு பாதியாக்கக் கூடாது, 1000000006 இரட்டை எண் என்பதால் இரண்டு வெவ்வேறு பாதிகள் வரக்கூடும், எது சரி என்று அந்த மீதியை வைத்துச் சொல்ல முடியாது. முதலிலேயே பாதியாக்கிவிடு. பகா எண்களின் அடுக்குகளில் ஏதாவது ஒன்று ஒற்றைப்படை என்றால் அதோடு ஒன்றைக் கூட்டினால் இரட்டை, அந்த ஒன்றை மட்டும் பாதியாக்கிவிட்டு மற்றவற்றோடு பெருக்கு. எல்லா அடுக்கும் இரட்டைப்படை என்றால் எண் முழு வர்க்கம், அப்போது அடுக்குகளைப் பாதியாக்கி வர்க்கமூலத்தை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையை முழுசாக வைத்துக்கொள்.

தாராபுரத்திலிருந்து: தலைகீழாகக் கேட்கிறேன். காரணிகளின் பெருக்கற்பலன் 3,31,776 என்று தெரிந்தால் எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா? இரண்டு எண்களுக்கு ஒரே பெருக்கற்பலன் வந்துவிடாதா?

முடியும். முதலில் பிரியுங்கள்: 3,31,776 = 2¹² × 3⁴. இது நாம் தேடும் எண்ணின் ஏதோ ஓர் அடுக்கு என்பதால் எண்ணிலும் 2-இன் அடுக்குக்கும் 3-இன் அடுக்குக்கும் அதே 3-க்கு 1 விகிதம் இருக்க வேண்டும். மிகச் சிறியதாக 2³ × 3 = 24 எடுத்துப் பாருங்கள். காரணிகள் 4 × 2 = 8, பாதி 4, 24⁴ = 3,31,776. கிடைத்துவிட்டது.

இன்னொரு எண் இருக்க முடியாது. அதே விகிதத்தில் அமையும் எண்கள் 24, 24², 24³ என்று 24-இன் அடுக்குகள் மட்டுமே. ஒவ்வொன்றும் அடுத்ததின் காரணி, அதனால் போகப் போக எண்ணும் பெரிதாகும், காரணிகளின் எண்ணிக்கையும் கூடும், பெருக்கற்பலன் ஏறிக்கொண்டே போகும். ஒரே விடையில் இரண்டு எண்கள் வந்து நிற்க வழியில்லை. எந்த எண்ணோடு தொடங்கினாலும் இதே வாதம்தான்.

ஆனால் எதிர்த்திசையில் எல்லா எண்ணும் யாரோ ஒருவரின் பெருக்கற்பலனாக வந்துவிடாது. 64 வரும், 8-இன் காரணிகள் 1 × 2 × 4 × 8 = 64. 32 வராது. பெருக்கற்பலன் 2-இன் அடுக்காக இருக்க வேண்டுமென்றால் எண்ணும் 2-இன் அடுக்காகவே இருக்க வேண்டும், அப்போது அடுக்குகள் 0 + 1 + 2 + 3 என்று கூடிக்கொண்டு போகும், ஆகவே பெருக்கற்பலனில் 2-க்கு 1, 3, 6, 10, 15 போன்ற அடுக்குகளே கிடைக்கும் (எண் 1 என்றால் 0). 32-க்கு அடுக்கு 5, அது அந்த வரிசையில் இல்லை. பெருந்துறைக்காரர் கேட்ட காஸ் கூட்டல் இங்கே அடுக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவரும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.