அக்காட பட்டமளிப்பு விழாக்கு பேஸ்புக்ல போட ஒரு கேப்ஷன் சொல்லுங்க, பெருமையாவும் இருக்கணும் நக்கலாவும் இருக்கணும், நீங்க உங்கட அக்காக்கு என்ன போட்டீங்க?

நான் மூணு தரம் எழுதி ரெண்ட தூக்கி எறிஞ்சவன், அதால கொஞ்சம் விளக்கமா சொல்றன்.

எங்கட வீடு களுவாஞ்சிக்குடி. அக்கா வந்தாறுமூலைல விவசாய பீடத்துல படிச்சவ. முதல்ல நான் எழுதினது "வாழ்த்துக்கள் அக்கா, இன்னும் மேல மேல போகணும்" எண்டு. எழுதிட்டு வாசிச்சுப் பாக்க எனக்கே சிரிப்பு வந்துட்டு, ஏனெண்டா அதுல அக்காட பேர எடுத்துட்டு பக்கத்து வீட்டு அண்ணாட பேர போட்டாலும் அப்பிடியே பொருந்தும். எங்கட அக்காவுக்கு மட்டுமே பொருந்துற சாமான் ஒண்டு அதுக்குள்ள இல்ல. அழிச்சிட்டன்.

ரெண்டாவது தான் பெரிய பிழை. அவ ஏ எல் ரெண்டாந்தரம் எடுத்துத்தான் கம்பஸ் போனவ. வீட்டுல அத வச்சு நாங்க நல்லா பகிடி பண்ணுவம், அவளும் சிரிப்பா. அந்தத் தைரியத்துல "ரெண்டு தரம் ஏ எல் எழுதினாலும் ஒருமாதிரி பாஸாகிட்டா எங்கட அக்கா" எண்டு வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டன். விழா முடிஞ்சு வேன்ல வரக்குள்ள அக்கா போன பாத்தா, பாத்துட்டு ஒண்டும் பேசல்ல, யன்னல் பக்கம் கிறுகி இருந்துட்டா. ஏறாவூர் தாண்டும் வரைக்கும் ஒரு கதையும் இல்ல. மறுகா பெரியம்மா கோல் எடுத்து அம்மாட்ட "என்ன, புள்ள ரெண்டு தரமா எடுத்தவ, எனக்குத் தெரியாதே" எண்டு கேக்குறா. அப்பதான் எனக்கு உறைச்சுது. வீட்டுக்குள்ள நாலு பேர் சிரிக்கிற விஷயம் ஸ்டேட்டஸ்ல ஏறினா முன்னூறு பேருக்கு நியூஸ். 24 மணித்தியாலத்துல தானா போயிடும் எண்டு நான் நினைச்சன், ஆனா ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒரு செக்கன் போதும் தானே. உடன அழிச்சன், அழிச்சும் நாப்பது பேர் பாத்துட்டாங்க.

அதுக்குப் பிறகு நான் எனக்கு வச்ச கணக்கு இதுதான். ரிசல்ட்ஸ், உடம்பு, நிறம், கல்யாணம், காசு, இதுல எதையும் நக்கலுக்கு எடுக்கிறல்ல. இதெல்லாம் சொந்தக்காரர் ஏற்கனவே குத்துற இடங்கள், நீ பகிடியா எழுதினாலும் அவங்க கொமெண்ட்ல வந்து சீரியஸா தொடங்குவாங்க. அதேமாதிரி "அடுத்தது என்ன" எண்ட மாதிரி ஒரு வரியும் போட்டுடாதீங்க. எங்கட பக்கம் பட்டம் எடுத்தா முதல் வாற கேள்வி "வேல கிடைச்சிட்டா" எண்டது, ரெண்டாவது கேள்வி உங்களுக்கே தெரியும். நாமளே கதவத் திறந்து விட்டா அந்த நாள் முழுக்க அக்கா அதுக்குத்தான் பதில் சொல்லிட்டு இருப்பா.

அப்ப எத வச்சு நக்கல் பண்றது? அவ கையால செஞ்ச, அவளே சொல்லிச் சிரிக்கிற ஒரு சின்ன முட்டாள்தனம். அதுவும் அவட படிப்போட முட்டினா இன்னும் நல்லம். எங்கட வீட்டுல அப்பிடி ஒண்டு இருந்துது. அம்மா பழைய பெயின்ட் தகரத்துல கறிவேப்பிலைக் கண்டு ஒண்டு வச்சிருந்தவ, முழங்கால் உசரம் வந்துட்டு. அக்கா செக்கன்ட் இயர்ல லீவுக்கு வந்து, கண்டு மஞ்சளா இருக்கு, நைதரசன் காணாது எண்டு பெரிய விரிவுரை ஒண்டு தந்துட்டு, அப்பா வயலுக்கு வச்சிருந்த யூரியாவுல ஒரு பிடி அள்ளிப் போட்டா. அந்தளவு கண்டுக்கு ரெண்டு விரலால நுள்ளிப் போட்டாலே காணும். கூடினா வேருக்குள்ள இருக்கிற தண்ணியையே வெளிய இழுத்துடும். நாலாம் நாள் இலைட ஓரமெல்லாம் தீயில காட்டின மாதிரி கருகி, ஒரு கிழமைல எல்லாம் கொட்டி வெறும் குச்சி. விவசாயம் படிக்கிற புள்ள!

நக்கல் கிடைச்சிட்டு, பெருமைய எப்பிடிச் சொல்றது எண்டதுதான் கஷ்டம். "கஷ்டப்பட்டுப் படிச்சா" எண்டா எல்லாரும் எழுதுறதுதான். அதால கஷ்டம் எண்ட சொல்லே பாவிக்காம, நான் கண்ணால கண்டத மட்டும் எழுதுவம் எண்டு யோசிச்சன். ஹொஸ்டல் இல்லாத காலத்துல அவ வீட்டுலருந்து விடிய அஞ்சரை பஸ்ஸுக்குப் போய் மட்டக்களப்புல இறங்கி அங்கருந்து மற்ற பஸ் எடுக்கணும். அம்மா இருட்டுக்குள்ள பாணும் சம்பலும் பேப்பர்ல சுத்திக் குடுப்பா, நான் அரைத் தூக்கத்துல போய் கேட் திறந்து விட்டு, அவ பஸ் ஏறும் வரைக்கும் டோர்ச் அடிச்சிட்டு நிப்பன். எங்கட ரோட்டு நாய் அப்பிடி. மகாபொல காசு வாற மாசம் எனக்கு ரீலோட் ஒண்டு வரும், அது வேற கதை.

கடைசியா போட்டது இது:

"ஒரு பிடி யூரியா போட்டு கறிவேப்பிலைக் கண்ட சாகடிச்சவவுக்கு இண்டைக்கு விவசாயத்துல பட்டம் குடுத்திருக்காங்க. சாட்சி சொல்ல கண்டு உயிரோட இல்ல. விடிய அஞ்சரை பஸ்ஸுக்குப் பாணும் சம்பலும் கட்டிக் குடுத்த கணக்கு அம்மாட்ட இருக்கு. கேட் திறந்து டோர்ச் அடிச்ச கணக்கு என்னட்ட இருக்கு. எங்கட அக்கா, பட்டதாரி."

இதுல ரெண்டு விஷயம் பாருங்க. நக்கல முன்னுக்கு வச்சிருக்கன், ஏனெண்டா போன்ல முதல் ரெண்டு மூணு வரிதான் தெரியும், மிச்சம் மடிஞ்சிடும், சிரிப்பு வந்தாத்தான் ஆள் திறந்து வாசிப்பான். திறந்தா உள்ளுக்க அம்மாவும் பஸ்ஸும் இருக்கும். மாத்தி பெருமைய முதல் வச்சா கடைசில வாற நக்கல் குத்தல் மாதிரி விழும், எழுதிப் பாத்தனான். மற்றது "நீ" எண்டு எழுதல்ல. வீட்டுல நான் நீ, வா, போ எண்டுதான் கதைக்கிறது, ஆனா அவட சேர்மாரும் பெரியப்பாவும் வாசிக்கிற இடத்துல "அவ" எண்டு போறதுதான் வடிவு.

அம்மா மட்டும் வீட்டுக்கு வந்து நாவூறு கழிக்க முதல் படம் போடாத மனே எண்டு நிண்டா. நான் சொன்னன், அம்மா, யூரியாக் கதைதான் கறுப்புப் பொட்டு, அத வச்சிட்டுத்தான் படம் போடுறன் எண்டு. கொஞ்சம் யோசிச்சிட்டு ஓம் எண்டுட்டா, ஆனா செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்ட பிறகுதான்.

போட்டு பத்து நிமிஷத்துல அக்காட கொமெண்ட் வந்துது. "யூரியா என்ட பிழை, ஒத்துக்கொள்றன். தகரத்துக்கு அடில ஓட்டை போடச் சொல்லி அம்மா ரெண்டு நாள் கெஞ்சினது ஆரிட்ட? தண்ணி வடியாம வேர் அழுகினதும் கணக்குல வரட்டும்." என்ட கேப்ஷன விட அதுக்குத்தான் லைக் கூட.